கரும்புச்சாறு கறுக்காமல் இருக்க: கரும்பு எது, எலுமிச்சை எப்போது, இஞ்சி எதற்கு

போன பங்குனியில் கோட்டையூரில் நாத்தனார் வீட்டு மணிவிழா. வெயிலில் வருகிறவர்களுக்குக் காபிக்குப் பதிலாகக் கரும்புச்சாறு கொடுக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். ஆகவே பொறுப்பும் என் தலையில் விழுந்தது. காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி பிழியும் மெஷினோடு வந்து முகப்பில் இறக்கினார். கூட்டம் வருவதற்குள் கொஞ்சம் பிழிந்து வைத்துவிடுவோம் என்று ஆறு லிட்டர் போல ஓர் எவர்சில்வர் அண்டாவில் பிடித்து வைத்தோம். எலுமிச்சையை முன்னாலேயே விட்டால் கசந்துபோகும், பரிமாறும்போது பிழிந்துகொள்ளலாம் என்பது என் கணக்கு.

நாற்பது நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால், மேலே விரல்கனத்துக்கு அழுக்குப் பச்சை. நுரை சாம்பல் நிறம். கரண்டியால் அடியிலிருந்து தூக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த சாறு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. அதை நம்பிக் கலக்கிவிட்டேன். முதல் மழைக்கு ஊருணிக்குள் ஓடிவரும் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது அண்டா முழுக்க. பத்து எலுமிச்சம்பழம் பிழிந்தும் அது பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை. மெஷின் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, எலுமிச்சைய அண்டால போட்டு என்ன பண்றது, கரும்போட போட்டிருக்கணும்" என்றார். அந்த ஒரு வரியைப் பிறகு வீட்டில் பலமுறை பிழிந்து சோதித்துப் பார்த்து எழுதியதுதான் இது.

கறுப்பது எதனால்

வாழைப்பூவை ஆய்ந்தவுடன் மோரில் போடுகிறோம், இல்லையா? அதே சங்கதிதான் இங்கேயும். கரும்பின் திசுவுக்குள் பீனால் வகைப் பொருட்கள் ஓர் அறையிலும், அவற்றை மாற்றக்கூடிய பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கரும்பு முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. உருளை நசுக்கிய நொடியில் சுவர்கள் உடைந்து இரண்டும் ஒன்றாகக் கலக்கின்றன, கூடவே காற்றும் சேர்கிறது. நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு பீனாலை முதலில் குயினோன் என்ற பொருளாக மாற்றுகிறது. அந்தக் குயினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய பழுப்புத் துகள்களாகின்றன. நாம் பார்க்கும் கறுப்பு அதுதான்.

இதில் இரண்டு கட்டம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். குயினோனாக மட்டும் மாறியிருக்கும்போது அதைத் திருப்பிவிட வழி உண்டு. பிணைந்து பழுப்பான பிறகு வழி இல்லை. என் அண்டாவில் பத்து எலுமிச்சம்பழம் தோற்றது இதனால்தான். அமிலம் விழுந்ததும் நிறம் ஒரு பிடி வெளிறியது, அதற்குமேல் அசையவில்லை.

மேல்பரப்பு முதலில் கறுத்ததற்கும் இதுதான் விளக்கம். காற்று படும் இடம் அது. நுரை என்பதே காற்றைச் சுமந்துகொண்டிருக்கும் சாறு. அதனால் அண்டா போன்ற வாயகன்ற பாத்திரம் இதற்கு ஆகாது. குறுகிய வாயுள்ள தூக்குச் சட்டியோ கூஜாவோ எடுத்து, கழுத்துவரை நிரப்பி, நுரையை வழித்துப் போட்டு மூடினால் அதே சாறு கூடுதல் நேரம் தாங்கும். மேலே கறுத்துவிட்டால் கலக்காதீர்கள்; மெதுவாக வழித்து எடுத்துவிடுங்கள்.

இரும்பு இன்னொரு காரணம். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் மை மாதிரி கறுக்கும். கரும்பின் பீனாலும் இரும்போடு சேர்ந்து அந்த வேலையைத்தான் செய்கிறது. பழைய இரும்பு உருளை மெஷினில் முதல் டம்ளர் எப்போதும் மங்கலாக வருவது இதனால். துருவைப் பற்றி ஆராய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே காரைக்குடியில் இருக்கிறது, ஆனால் நம் தெருமுனை மெஷின்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை! எவர்சில்வர் உருளை உள்ள மெஷினாகக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், இரவு முழுக்கச் சும்மா கிடந்த உருளையை நன்றாகக் கழுவி, ஒரு கரும்பை விட்டுப் பிழிந்து அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கரும்பு பார்க்கும் முறை

பொங்கலுக்கு வரும் செங்கரும்பு கடித்துத் தின்ன நல்லது. பருமனானது, மென்மையானது. ஆனால் அதன் ஊதாத் தோலோடு பிழிந்தால் சாறு தொடக்கத்திலேயே இருண்டு வரும். சாறுக்கு வெள்ளைக்கரும்புதான், அதாவது ஆலைக்கரும்பு. அதில் பத்து மாதத்துக்கு மேல் நின்ற முற்றிய கரும்பாக வேண்டும். இளங்கரும்பில் சர்க்கரை குறைவு, நிறம் மாற்றும் சமாச்சாரம் அதிகம்.

கட்டை இறக்கியதும் நான் முதலில் பார்ப்பது வெட்டுமுகத்தை. ஈரமாக, வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. காய்ந்து பழுப்பேறி இருந்தால் வெட்டி நாளாகிவிட்டது. ஆனால் சில கடைகளில் காலையில் நுனியை மட்டும் புதிதாக ஒரு சீவல் எடுத்துவிடுவார்கள். ஆகவே ஒரு கரும்பை நடுக்கணுவில் வெட்டி, நீளவாக்கில் பிளக்கச் சொல்லுங்கள். உள்ளே சிவப்பு ஓடி, நடுநடுவே வெள்ளைத் திட்டு தெரிந்து, மூக்கருகே கொண்டுபோனால் புளித்த கள் வாடை அடித்தால் அது செவ்வழுகல் நோய். அந்தக் கரும்பைத் தொட வேண்டாம். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்ந்து வந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. தோலில் சிறு ஓட்டை இருந்தால் துளைப்பான் புழு போன வழி. ஓட்டையைச் சுற்றிச் சிவந்திருக்கும். ஒன்றிரண்டு கணுவில் மட்டும் என்றால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம்.

கணுக்களுக்கு இடையே தோலின்மேல் மெல்லிய வெள்ளைப் பொடி மாதிரி மெழுகுப் படலம் இருக்கும். அது கலையாமல் இருந்தால் கரும்பு அதிகம் கைமாறவில்லை, அடிபடவில்லை என்று அர்த்தம். கையில் எடுத்தால் பருமனுக்கேற்ற கனம் இருக்க வேண்டும். லேசாக இருந்தால் பூ எடுத்த கரும்பாகவோ உலர்ந்த கரும்பாகவோ இருக்கும். உள்ளே தக்கை பிடித்திருக்கும், சாறு இறங்காது.

வெட்டிய கரும்பில் சர்க்கரை சும்மா இருப்பதில்லை. கரும்பின் சொந்த நொதியே அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கத் தொடங்கிவிடும். வெட்டுமுகம் வழியே நுழையும் பாக்டீரியா ஒன்று சர்க்கரையைக் கோந்தாக மாற்றும். பழைய கரும்பின் சாற்றை ஊற்றும்போது வழவழவென்று நூல் மாதிரி இழுபடும், லேசாகப் புளிப்பு தட்டும். நம் ஊர் வெயிலில் வெட்டிய மறுநாளைக்குள் பிழிந்துவிடுவது நல்லது. அதுவரை நிழலில், முழுக் கரும்பாக, ஈரச்சாக்கு போர்த்தி நிறுத்தி வையுங்கள். முந்தின இரவே சீவி வைப்பதைப் போல் கெடுதல் வேறில்லை. சீவிய கரும்பு முழுக்க வெட்டுமுகம்தான்.

சீவுவதும் நறுக்குவதும்

கொழுந்தாடையோடு சேர்த்து மேல் இரண்டு மூன்று கணுவை வெட்டி மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். அடிக்கரும்பு இனிக்கும், நுனிக்கரும்பு உவர்க்கும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். தெரியாதது, பீனாலும் அதை மாற்றும் நொதியும் நுனியில்தான் கூடுதல் என்பது. கடைக்காரர் கொடுக்கிற கரும்பில் நுனியை நான் விட்டுவைத்தால் ருசி மட்டுமல்ல, நிறமும் போகிறது.

தோலைச் சீவியே ஆக வேண்டும். தோலோடு பிழிந்த சாறு கண்ணுக்குப் பச்சைப்பசேல் என்று இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பச்சையம் எலுமிச்சை பட்டதும் மெல்ல ஆலிவ் நிறத்துக்குப் போய்விடும். அதோடு தோலில் ஒட்டிய மண்ணும் மெழுகும் கூட வரும். கணுவில் இருக்கும் வேர்முளைகளையும் கத்தியால் தோண்டி எடுங்கள், அழுக்கு அங்கேதான் பதுங்கும். முதலில் முழுக் கரும்பைக் கழுவி, பிறகு சீவ வேண்டும். சீவிவிட்டுத் தண்ணீரில் ஊறப்போட்டால் இனிப்பு இறங்கிவிடும்.

எலுமிச்சை

எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறது, அதனால்தான் சாறு கறுப்பதில்லை என்று நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதி உண்மைகூட இல்லை. குயினோனைத் திருப்பிப் பீனாலாக்குவது வைட்டமின் சி-யின் வேலைதான். ஆனால் நிறத்தை அதை மட்டும் வைத்து நிறுத்த லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் வேண்டும். ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றில் இருப்பது சில மில்லிகிராம்தான்.

உண்மையில் வேலை செய்வது அதன் புளிப்பு. ஒரு பழத்தில் சுமார் ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கிடைக்கும். கரும்புச்சாற்றின் பி.எச். ஐந்துக்குச் சற்று மேலே இருக்கும். லிட்டருக்கு ஒரு பழம் விட்டால் அது நாலரை பக்கம் இறங்கும். நொதிக்கு அந்தப் புளிப்பு ஒத்துவராது, வேகம் குறைந்துவிடும். அதோடு அந்த நொதியின் மையத்தில் செம்பு அணு இருக்கிறது. சிட்ரிக் அமிலம் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் குணமுள்ளது, ஆகவே அந்த வகையிலும் நொதிக்கு இடைஞ்சல். கவனியுங்கள், நொதி சாகவில்லை, மெதுவாகிறது, அவ்வளவே.

இதை நான் முகப்புத் திண்ணையில் நான்கு டம்ளர் வைத்துப் பார்த்தேன். ஒரே கரும்பின் சாறு. முதல் டம்ளரில் எதுவும் இல்லை. இரண்டாவதில் இஞ்சி மட்டும். மூன்றாவதில், சாறு விழுவதற்கு முன்பே டம்ளரின் அடியில் கால் பழத்தின் எலுமிச்சைச்சாறு. நான்காவதில் அதே அளவு எலுமிச்சை, ஆனால் இருபது நிமிடம் கழித்து. அரைமணி நேரத்தில் முதல் டம்ளர் மேலிருந்து கீழாகச் சேற்று நிறம். இஞ்சி டம்ளர் அதைவிட ஒரு பிடி தெளிவு, ஆனால் பழுப்புதான். அடியில் இஞ்சி மாவு படிந்திருந்தது. மூன்றாவது, காய்ந்த வைக்கோல் மாதிரி வெளிர் மஞ்சள்பச்சை. நான்காவது எலுமிச்சை விழுந்ததும் கொஞ்சம் வெளுத்து, ஆறின டிகாஷன் நிறத்தில் நின்றுவிட்டது. மூன்றாவதிலும் நான்காவதிலும் விட்ட எலுமிச்சை ஒரே அளவு. வித்தியாசம் இருபது நிமிடம் மட்டும்.

கடைக்காரர்கள் மடித்த கரும்புக்கு நடுவே எலுமிச்சைத் துண்டைச் செருகி உருளைக்குள் விடுவது இதனால்தான். செல் உடையும் நொடியில் அமிலம் அங்கேயே இருக்கிறது. அப்போதே குடிக்கும் டம்ளருக்கு இதை மிஞ்சின முறை கிடையாது. தோலின் எண்ணெய் இறங்கி வாசனையும் தூக்கும். ஆனால் விதையும் தோலும் நசுங்கிய சாறு அரைமணி நேரம் நின்றால் கசக்கும். நான் பயந்த கசப்பு இதுதான், பயந்ததில் தப்பில்லை, அதற்குக் கண்ட தீர்வுதான் தப்பு. நிறுத்தி வைக்கப் போகும் சாறென்றால் எலுமிச்சையைக் கையால் பிழிந்து, விதை நீக்கி, சாறு வந்து விழும் பாத்திரத்தின் அடியில் முதலில் ஊற்றி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு துளியும் புளிப்பிலேயே விழும்.

லிட்டருக்கு ஒரு பழம் போதும். ஒன்றரைக்கு மேல் போனால் கரும்பின் ருசி போய் எலுமிச்சை ஜூஸ் ஆகிவிடும்.

இஞ்சி

இஞ்சி நிறத்துக்காக அல்ல. அதிலும் கறுப்பைத் தடுக்கும் பொருட்கள் கொஞ்சம் உண்டு. என் இரண்டாவது டம்ளரில் தெரிந்த ஒரு பிடித் தெளிவு அதுதான். அதை நம்பி எலுமிச்சையைக் குறைக்க வேண்டாம். இஞ்சியின் உண்மையான வேலை மூக்கிலும் தொண்டையிலும். கரும்புச்சாற்றுக்கு ஒரு பச்சைப்புல் வாடை உண்டு. அதை இஞ்சி மூடிவிடும். இரண்டு வாய்க்கு மேல் திகட்டும் இனிப்பை அதன் காரம் உடைத்துவிடும். லிட்டருக்குப் பத்து கிராம், அதாவது கட்டைவிரல் நுனியளவு இரண்டு துண்டு, எனக்குச் சரியாக இருக்கிறது. முற்றின இஞ்சியானால் இன்னும் குறைவு.

இஞ்சி போட்டால் கிருமி செத்துவிடும் என்பார்கள். இந்த அளவில் அப்படி எதுவும் நடக்காது. தலைகீழாக, மண்ணோடு வரும் கிழங்கு அது. கழுவித் தோல் சீவாமல் போட்டால் கிருமியைக் கொண்டுவந்து சேர்ப்பதே இஞ்சிதான். ஐஸும் அப்படித்தான். காய்ச்சிய தண்ணீரில் வீட்டிலேயே உறையவைத்த ஐஸ் போடுங்கள்.

அறுபது டம்ளர் கணக்கு

இரண்டாவது தடவை எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்கிறேன். டம்ளருக்கு 150 மில்லி சாறு, மேலே ஐஸ். அறுபதுக்கு ஒன்பது லிட்டர். சிந்துவது சிதறுவதற்குச் சேர்த்துப் பத்து. சீவிய கரும்பு ஒரு கிலோவுக்கு இந்த மாதிரி மெஷினில் அரை லிட்டர் இறங்கும் என்று வைத்தால் இருபது கிலோ வேண்டும். நுனியும் தோலும் கழிவதற்கு இடம் விட்டு இருபத்தைந்து கிலோ வாங்கினோம். ஏறக்குறைய இருபது கரும்பு.

மொத்தமாகப் பிழியவில்லை. இரண்டு லிட்டர் கொள்ளும் தூக்கு. அதில் இரண்டு எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. நான்கு கிலோ கரும்பைச் சீவியவுடன், இருபது கிராம் இஞ்சியை நடுவில் வைத்து உருளைக்குள் விட்டோம். சக்கையை மடித்து இரண்டாவது தடவை விட்டதோடு சரி. மூன்றாம் நான்காம் தடவை வரும் சாறு சொற்பம், அதில் சாறைவிட நிறமும் துவர்ப்பும்தான் அதிகம். மெஷின் தம்பிக்கு அதில் மனசில்லை. "சக்கைல இன்னும் இருக்கு ஆச்சி" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். இருக்கட்டும் தம்பி, மாடும் கொஞ்சம் தின்னட்டும் என்றேன்.

துணியில் வடிகட்டி, நுரை வழித்து, மூடி, ஐஸ் நிரப்பிய அண்டாவுக்குள் தூக்கை இறக்கி வைத்தோம். ஐஸைச் சாற்றுக்குள் போட்டது டம்ளரில் மட்டும். ஒரு தூக்கு பதின்மூன்று டம்ளர் வரும், தீரும் நேரத்தில் அடுத்தது பிழியத் தொடங்கினோம். எந்தத் தூக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருக்கவில்லை. குளிரில் வைத்தால் எலுமிச்சை விட்ட சாறு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முகம் மாறாமல் நிற்கும். அதற்குமேல் நிறம் நின்றாலும் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். புளிப்பு நொதியைத்தான் அடக்குகிறது, சர்க்கரையைத் தேடி வரும் ஈஸ்ட்டை அடக்குவதில்லை.

மெஷின் இல்லாத வீட்டில்

மிக்ஸியில் போடுவதென்றால் சீவிய கரும்பைக் குறுக்கே சுண்டுவிரல் பருமனுக்குச் சில்லாக நறுக்குங்கள். நீளத் துண்டு போட்டால் நார் பிளேடைச் சுற்றிக்கொள்ளும். மிக்ஸி உருளையைவிட மோசமாகக் காற்றை அடித்துச் சேர்க்கும், ஆகவே எலுமிச்சையும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரும் முதலில் உள்ளே போக வேண்டும். இன்னொரு வழி, சில்லுகளைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து ஆறவைத்து அரைப்பது. சூட்டில் நொதி செயலிழந்துவிடும், சாறு வெளிறியே நிற்கும். ஆனால் பச்சைக் கரும்பின் வாசம் கொஞ்சம் போய்ப் பாகு வாசம் வரும். எனக்கு அது பிடிக்கவில்லை. என் மகளுக்குப் பிடித்திருக்கிறது.

முதல் அண்டா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் கறுத்த சாறு கெட்ட சாறு இல்லை, நிறம்தான் கெட்டது. சமையற்கட்டில் அதை அடுப்பில் ஏற்றி, மேலே திரண்ட அழுக்கு நுரையை வழித்துக்கொண்டே மூன்றில் ஒரு பங்காக வற்றவைத்தார்கள். எலுமிச்சை விழுந்திருந்ததால் பால் சேர்க்கிற பாயசத்துக்கு ஆகாது, திரிந்துவிடும். ஊறவைத்து வேகவைத்த கவுனி அரிசியில் ஊற்றி, தேங்காய்ப்பூவும் நெய்யும் ஏலக்காயும் போட்டுக் கிளறிவிட்டார்கள். கவுனி அரிசியே கறுப்புதானே, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.